பின்னால் நிற்கும் பெயர்

ஐதராபாத்தில் 1999-இல் டாக்டர் ரமேஷ் கஞ்சர்லா தொடங்கிய ரெயின்போ, குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட மருத்துவமனை. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையில் அது பெயர் வாங்கியது. அப்படிப்பட்ட இடம் பிரசவமும் பார்க்கலாம் என்று நினைப்பது இயல்புதான். குழந்தைக்கு மூச்சுத்திணறல் என்றால் ஆம்புலன்ஸ் தேட வேண்டியதில்லை, இன்குபேட்டர் அதே கட்டடத்தில் இருக்கிறது. ஆனால் ‘குழந்தைகள் மருத்துவமனை’ என்று போர்டு தொங்கும் இடத்தில் ஒரு கர்ப்பிணி எதற்காகப் பதிவு செய்துகொள்வாள்? அவளுக்கு வேண்டியது முதலில் தன்னைக் கவனிக்கும் மகப்பேறு மருத்துவர்.

ரெயின்போ இதற்குக் கண்ட வழி, பிரசவப் பிரிவுக்குத் தனிப்பெயர் வைப்பது. ‘பர்த்ரைட்’ என்று பெரிதாகவும், அதையொட்டி ‘பை ரெயின்போ’ என்று சிறிதாகவும் எழுதினார்கள். முதல் பெயர் தாயிடம் பேசுகிறது. இரண்டாவது பெயர், பிறக்கப்போகும் குழந்தைக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்கிறது. மருத்துவமனைகள் சிறப்பு கிளினிக்குகளைச் சேர்த்துக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் பெயர்களை எப்படி அடுக்குவது என்று கேட்டால், படித்துப் பார்க்க வேண்டிய முதல் போர்டு இது.

பெயர்களை அடுக்கும் வகைகளை டேவிட் ஆக்கர், எரிக் யோஹிம்ஸ்தாலர் என்ற இரு பிராண்ட் ஆய்வாளர்கள் 2000-இல் ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தினார்கள். ஒரு முனையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். மறுமுனையில் ஒன்றுக்கொன்று உறவே தெரியாத தனித்தனிப் பெயர்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு படிகள் இருக்கின்றன. தாய்ப்பெயர் முன்னால் வந்து, கிளைப்பெயர் அதன் வாலாக ஒட்டிக்கொள்வது ஒரு படி. கிளைப்பெயர் முன்னால் நின்று, தாய்ப்பெயர் பின்னாலிருந்து தாங்குவது இன்னொரு படி.

நம் ஊரில் இந்த வகைகள் எல்லாமே கண்ணில் படுகின்றன. சென்னை கிரீம்ஸ் சாலையில் 1983-இல் 150 படுக்கைகளுடன் தொடங்கிய அப்போலோ, பெரும்பாலும் தன் பெயரையே முன்னால் வைக்கிறது. மகப்பேறுக்கு அப்போலோ கிரேடில், குறுகிய நாள் தங்கிச் செய்யும் அறுவைக்கு அப்போலோ ஸ்பெக்ட்ரா, நீரிழிவுக்கு அப்போலோ சுகர் என்று எல்லாவற்றுக்கும் முதல் சொல் ஒன்றே. மறுமுனைக்கு உதாரணம் ஆசியா ஹெல்த்கேர் ஹோல்டிங்ஸ். மதர்ஹூட் மகப்பேறு மருத்துவமனைகளும் நோவா கருத்தரிப்பு மையங்களும் அதன் கையில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த நிறுவனத்தின் பெயர் அங்கே வருகிற நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரெயின்போவின் பர்த்ரைட் நடுவில் நிற்கிறது.

இந்த நடுவழியைக் கடனுக்கு ஜாமீன் போடுவதோடு ஒப்பிடலாம். கடன் வாங்குபவர் பெயர் பத்திரத்தின் மேலே இருக்கும், ஜாமீன்தாரர் கையெழுத்து கீழே இருக்கும். கையெழுத்து சிறிது என்பதால் பொறுப்பு சிறிதாகிவிடாது. அதனால்தான் இந்த முறையில் மருத்துவமனை நிர்வாகம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி பெயரைப் பற்றியதாக இருப்பதில்லை: இந்த கிளினிக்குக்குத் தாய் மருத்துவமனை உண்மையில் எதைத் தரப்போகிறது? பர்த்ரைட் விஷயத்தில் இதற்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது, பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு. பதில் இப்படித் தெளிவாக வராவிட்டால் போர்டின் கீழே எழுதுகிற தாய்ப்பெயர் வெறும் அலங்காரம்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். தாய்ப்பெயரே ஒரு உறுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது முடியாது. பெங்களூரில் 2000-இல் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹிருதயாலயா, பெயரிலேயே இதய மருத்துவமனை. புற்றுநோய், சிறுநீரகம் என்று அது விரிந்தபோது அந்தப் பெயர் இடித்தது. 2013-இல் வெளியே புழங்கும் பெயரை ‘நாராயணா ஹெல்த்’ என்று மாற்றிக்கொண்டார்கள். பதிவான கம்பெனியின் பெயர் மட்டும் பழையதாகவே தொடர்கிறது. இதில் இன்னொரு நெருடலும் உண்டு. அதே பெங்களூரில் நாராயண நேத்ராலயா என்ற புகழ்பெற்ற கண் மருத்துவமனை 1982-லிருந்தே இயங்கிவருகிறது. அது வேறு நிறுவனம், வேறு நிறுவனர். வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு போர்டுகளையும் பார்த்தால் ஒரே குழுமத்தின் இதயப் பிரிவும் கண் பிரிவும் என்றே நினைத்துக்கொள்வார். சாமி பெயரோடு உறுப்பின் பெயரைச் சேர்த்து மருத்துவமனைக்குப் பெயர் வைக்கும் நம் வழக்கத்தில், யார் யாருக்கு உறவு என்பது பெயரை மட்டும் பார்த்தால் புலப்படாது.

இனி ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் 150 படுக்கைகள் கொண்ட பொது மருத்துவமனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விபத்து, இதயம், பொது அறுவை ஆகியவற்றில் அதற்கு நல்ல பெயர். அது சர்க்கரை நோய், கருத்தரிப்பு, கண் என மூன்று கிளினிக்குகளைத் தொடங்க நினைக்கிறது. மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைத்துவிடலாம் என்பதுதான் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை. ஆனால் ஒவ்வொன்றிலும் நோயாளி மருத்துவமனையோடு கொள்ளும் உறவு வேறு.

சர்க்கரை நோயாளி வருடக்கணக்கில் வந்துபோகிறவர். மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கொரு முறை கண்ணும் சிறுநீரகமும், காலில் புண் வந்தால் அறுவை மருத்துவர், நெஞ்சு வலித்தால் இதயப் பிரிவு. அவர் போய்ச் சேரும் ஒவ்வொரு இடமும் தாய் மருத்துவமனையிலேயே இருக்கிறது. அவருக்குப் புதிதாக ஒரு பெயரைக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். தாய்ப்பெயரோடு ‘சர்க்கரை நோய் மையம்’ என்று சேர்த்து எழுதினால் போதும். தனி லோகோ, தனி விளம்பரச் செலவு எதுவும் வேண்டாம்.

கருத்தரிப்பு மையம் அப்படியில்லை. அங்கே வரும் தம்பதியர் தங்களை நோயாளிகளாக நினைப்பதில்லை. விபத்து கேஸ்கள் வந்து இறங்கும் வாசலில், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தோடு நிற்க அவர்களுக்குப் பிடிக்காது. கைப்பையில் இருக்கும் ஃபைல், அலைபேசியில் வரும் குறுஞ்செய்தி, மருந்துக் கவர் எல்லாவற்றிலும் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தால் சங்கடம். ஆகவே தனிப்பெயர், தனி வாசல், தனி தொலைபேசி எண். அதே சமயம் இது லட்சங்களில் செலவாகும் சிகிச்சை. முன்பின் தெரியாத பெயரை நம்பி யாரும் அவ்வளவு பணம் கட்ட மாட்டார்கள். தாய்ப்பெயர் பின்னால் நின்று தாங்கும் முறை இங்கேதான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மருத்துவ ரீதியாகவும் இங்கே ஜாமீனுக்கு உருவம் இருக்கிறது. முட்டைகள் அதிகம் உருவாக ஊசி போடும்போது சில பெண்களுக்குச் சினைப்பைகள் அளவுமீறித் தூண்டப்பட்டு வயிறு உப்பும், வயிற்றில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும். பகலில் மட்டும் இயங்கும் ஒரு கிளினிக் நள்ளிரவில் அதைச் சமாளிக்க முடியாது. அந்த நேரத்தில் போன் எடுப்பது யார், எந்த வார்டில் படுக்கை, முன்பணம் கேட்கப்படுமா, கேஸ் விவரம் கணினியில் தெரியுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் போர்டின் கீழே தாய்ப்பெயரை எழுத அந்த மையத்துக்கு உரிமை வருகிறது.

மூன்றாவதான கண் கிளினிக்கில் சிக்கல் வேறு. அந்த ஊரில் இருபது வருடமாகக் கண்புரை அறுவை செய்துவரும் ஒரு மருத்துவர், தன் சொந்த கிளினிக்கோடு கூட்டாளியாகச் சேர்கிறார். ஊர் வாயில் அவர் கிளினிக்கின் பெயர்தான் புழங்குகிறது. அதை அழித்துவிட்டுப் புதுப்பெயர் எழுதினால் அந்த இருபது வருடமும் வீண். சென்னை அடையாறில் மலர் மருத்துவமனையை ஃபோர்டிஸ் வாங்கியபோது அது ‘ஃபோர்டிஸ் மலர்’ ஆயிற்று. பிறகு 2024-இல் எம்ஜிஎம் ஹெல்த்கேர் கைக்கு வந்தபோதும் ‘மலர்’ விடுபடவில்லை. முதலாளிகள் மாறினாலும் பக்கத்துத் தெருக்காரர்கள் சொல்லும் பெயர் அதுதான் என்பது வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் மாதிரி மருத்துவமனையும் கண் மருத்துவரின் பழைய பெயரை முன்னால் விட்டுவிட்டுத் தன் பெயரைக் கீழே எழுதுவதே நல்லது.

ஆக, மூன்றில் ஒன்றுக்குத் தாய்ப்பெயர் முன்னால், இரண்டுக்குப் பின்னால். அடுத்து போர்டு எழுத வேண்டும். தாய்ப்பெயர் வரும் வரி எல்லா கிளினிக்குகளிலும் ஒரே வாசகமாக, ஒரே இடத்தில், கிளினிக் பெயரின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருப்பது வசதி. அதற்கும் குறைந்தால் சாலையிலிருந்து படிக்க முடியாது. பாதிக்கு மேல் போனால் எது பெயர் என்று தெரியாது. ஆங்கிலத்தில் ‘பை’ போட்டுப் பின்னால் எழுதிவிடலாம். தமிழில் எழுதும்போது ‘இன்ன மருத்துவமனையின் இன்ன கிளினிக்’ என்று தாய்ப்பெயர் தானாக முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத் தவிர்க்க, கிளினிக் பெயரை ஒரு வரியில் முடித்துவிட்டு, அடுத்த வரியில் ‘இன்ன குழுமத்தின் அங்கம்’ என்று தனியாக எழுத வேண்டியிருக்கும். திருச்சியில் காவேரி மருத்துவமனை தன் தாய்-சேய் பிரிவுக்கு ‘மா காவேரி’ என்று ஒற்றை எழுத்தை முன்னால் சேர்த்துப் பெயர் வைத்திருப்பது இன்னொரு வழி. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து வரிசை மாறாமல் நிற்கும் பெயர் அது.

போர்டுக்குப் பிறகுதான் உண்மையான சோதனை. கிளினிக்கில் பார்த்த நோயாளி தாய் மருத்துவமனைக்குப் போகும்போது, வரவேற்பில் மறுபடி பெயர், வயது, முகவரி கேட்டுப் புது நம்பர் போட்டால் குழுமம் என்பது அவருக்குப் பேச்சோடு சரி. இரண்டு இடத்திலும் ஒரே நோயாளி எண் வேண்டும். பில்லில் எந்தப் பெயர் வருகிறது என்பதும் முக்கியம். கண் கிளினிக் தனிக் கூட்டு நிறுவனமாக இருந்தால் பில் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் வரும். அந்தப் பெயரையும் வாசல் போர்டையும் பார்க்கும் நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான் என்று விளங்க வேண்டும்.

நோயாளிகள் பெரும்பாலும் ஏமாறும் இடம் காப்பீடு. ‘உங்க மெயின் ஆஸ்பத்திரியில கேஷ்லெஸ் உண்டே’ என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் சேர்ப்பது ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக. பெயரைப் பார்த்துக் குழுமம் முழுவதையும் சேர்ப்பதில்லை. என்ஏபிஎச் தரச்சான்றும் அப்படித்தான். தாய் மருத்துவமனை வாங்கிய சான்றின் முத்திரையைப் புது கிளினிக்கின் நோட்டீஸில் அச்சடிப்பது தவறு. அரசுப் பதிவும் தனித்தனியே வாங்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு பதிவு, ஸ்கேன் கருவி வைத்தால் அதற்கு ஒன்று, கருத்தரிப்பு மையத்துக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இன்னொன்று. தாய்ப்பெயர் தானாகக் கொண்டுவந்து சேர்க்காத இந்த விஷயங்களை வரவேற்பில் இருப்பவர் முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

தனிப்பெயர் வைத்தால் கிளினிக்கில் ஏதாவது நடந்தாலும் பெரிய மருத்துவமனைக்குக் கெட்ட பெயர் வராது என்று நிர்வாகிகள் சிலர் நம்புகிறார்கள். கண் கிளினிக்கை வைத்தே இதைச் சோதிக்கலாம். கண்புரை அறுவையில் அரிதாகக் கண்ணுக்குள் தொற்று ஏற்படும். ஒரே நாளில், ஒரே அறுவை அரங்கில், ஒரே கழுவு திரவத்தைப் பயன்படுத்திச் செய்த பலருக்கு அது ஒன்றாக வந்தால் பார்வையே போகும். மறுநாள் செய்தித்தாளில் வரும். அந்தச் செய்தியின் தலைப்பில் கிளினிக்கின் பெயரைவிடத் தாய் மருத்துவமனையின் பெயர்தான் முதலில் ஏறும், ஏனென்றால் வாசகருக்குத் தெரிந்த பெயர் அது. ஆகவே ஜாமீன் போடுபவருக்கு உள்ளே வந்து பார்க்கும் அதிகாரம் வேண்டும். தாய் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு முன்னறிவிப்பில்லாமல் கிளினிக்கின் அரங்கைச் சோதிக்கலாம், குறை கண்டால் அன்றைய அறுவைகளை நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கூட்டாளி மருத்துவர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பெயரைத் தராமலிருப்பதே மேல்.

பிரிவையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அப்போலோ குழுமம் ஒரு ஜெர்மன் காப்பீட்டுக் குழுமத்தோடு சேர்ந்து நடத்திய உடல்நலக் காப்பீட்டு நிறுவனம் ‘அப்போலோ மியூனிக்’. அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கப்போவதாக 2019-இல் எச்டிஎஃப்சி அறிவித்தது. 2020-இல் நிறுவனத்தின் பெயர் ‘எச்டிஎஃப்சி எர்கோ ஹெல்த்’ என்று மாறி, அந்த ஆண்டிலேயே எச்டிஎஃப்சி எர்கோவோடு இணைந்தும்விட்டது. பங்கு போனதும் பெயர் போயிற்று. பெரிய நிறுவனங்களுக்கு இதையெல்லாம் கவனிக்கச் சட்டத்துறைகள் உண்டு. மாவட்ட ஊரில் இருவர் கைகுலுக்கித் தொடங்கிய கண் கிளினிக்கில் அப்படி யாரும் இருப்பதில்லை.

அங்கே பிரிந்துபோகும் நாளில் சண்டை வருவது போர்டுக்காக மட்டுமல்ல. பழைய நோயாளிகள் கையில் இருக்கும் தொலைபேசி எண் யாருக்கு? கூகுள் வரைபடத்தில் இருக்கும் பதிவையும் அதில் சேர்ந்த விமர்சனங்களையும் யார் வைத்துக்கொள்வது? கேஸ் விவரங்கள் எங்கே இருக்கும்? தாய்ப்பெயரை எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும்? இவை முதல் நாளே தாளில் ஏறிவிட வேண்டும். வணிகக் குறிப் பதிவும் அப்படித்தான். மருத்துவ சேவைக்கு 44-ஆம் வகுப்பில் தாய்ப்பெயரை மருத்துவமனை தன் பெயரில் பதிந்துகொண்டு, கிளினிக்குக்குப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் தர வேண்டும். கண் மருத்துவரின் பழைய பெயர் அவருடைய சொத்தாகவே இருக்கட்டும். ‘கண் மையம்’, ‘சர்க்கரை நோய் மையம்’ போன்ற பொதுச் சொற்களை மட்டும் பதிந்து சொந்தம் கொண்டாட முடியாது. சேவையை வெறுமனே விவரிக்கும் பெயர்களைச் சட்டம் ஏற்பதில்லை.

இந்த ஏற்பாடு பலிக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை, வரவேற்பு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் தடவை வருபவரிடம் ‘எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்டு, அவர் சொன்ன பெயரை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். திருத்தக் கூடாது. தாய் மருத்துவமனைக்குத் தவறி வரும் கிளினிக் போன்களையும், கிளினிக்குக்குத் தவறி வரும் விபத்து போன்களையும் தனியே குறிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் நிலைமை புரிந்துவிடும்.

கருத்தரிப்பு மையத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தாய் மருத்துவமனையின் பெண்கள் பிரிவு அனுப்பியவர்களாகவே இருந்தால், புதுப்பெயர் வெளியே யாரையும் எட்டவில்லை என்று பொருள். அதற்கான விளம்பரச் செலவைத் தொடர்வதா, தாய்ப்பெயரோடு சேர்த்துவிடுவதா என்று யோசிக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி நேராக வருகிறவர்கள் இருந்து, அவர்களில் பாதிப் பேருக்கு மேல் ‘இது அந்த ஆஸ்பத்திரியோடதா?’ என்று சிகிச்சை தொடங்கிய பிறகு ஆச்சரியப்பட்டால், தாய்ப்பெயரின் வரி கண்ணிலேயே படவில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். கண் கிளினிக்கில் எல்லாரும் பழைய பெயரையே சொல்லி, கூடவே ‘இப்ப அவங்க பெரிய ஆஸ்பத்திரியோட சேர்ந்துட்டாங்களாமே’ என்றும் சொன்னால் அங்கே எதையும் மாற்ற வேண்டாம். நான்காவதாக எலும்பு மூட்டு கிளினிக் தொடங்கலாமா என்ற பேச்சு வரும்போது, புதுப்பெயர்ப் பட்டியலோடு வரும் விளம்பர ஏஜென்சிக்காரரிடம் முதலில் கொடுக்க வேண்டியது இந்த நோட்டுப் புத்தகத்தை.